கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு: ரேடியோ அலை எப்படி மெலிகிறது

கோடை பண்பலை கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. டிரான்ஸ்மிட்டரின் திறன் 10 கிலோவாட். அங்கிருந்து நேர்கோடு போட்டால் மதுரை ஏறக்குறைய 77 கிலோமீட்டர், திருச்சி 145 கிலோமீட்டர். மதுரையைவிட திருச்சி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம். அப்படியானால் திருச்சிக்கு வரும் சிக்னல் மதுரையில் கிடைப்பதில் எத்தனை பங்கு?

இந்தக் கேள்வியை மாணவர்களிடம் கேட்டால் இரண்டு விடைகள் வரும். சிலர் பாதி என்பார்கள். பள்ளியில் படித்த தலைகீழ் இருமடி விதி நினைவில் இருப்பவர்கள் கால் பங்கு என்பார்கள். இரண்டுமே சரி. பாதியாவது ஒன்று, கால் பங்காவது வேறொன்று. அந்த இரண்டும் எவை, ஏன் ஒன்று மெதுவாகவும் மற்றது வேகமாகவும் குறைகிறது என்பது பிடிபட்டுவிட்டால், ரேடியோ பரவலில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் அலை எந்த வடிவத்தில் பரவுகிறது என்று பார்க்கலாம். குளத்தில் கல் எறிந்தால் வட்ட வட்டமாக அலை விரியும். ரேடியோ அலையை விளக்க எல்லோரும் இந்தப் படத்தைத்தான் வரைகிறார்கள். ஆனால் கணக்கு என்று வந்தால் இந்தப் படம் நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும். குளத்து அலை நீரின் மேற்பரப்பில் மட்டும் விரிகிறது. அதன் ஆற்றல் ஒரு வட்டத்தின் சுற்றளவில் பரவிக் கிடக்கிறது. ரேடியோ அலைக்கு மேற்பரப்பு என்று எதுவும் இல்லை. அது மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எல்லாப் பக்கமும் போகிறது. ஆகவே அதன் முகப்பு வட்டமில்லை, கோளம். ஆன்டெனாவை நடுவில் வைத்து ஒரு பலூன் ஒளியின் வேகத்தில் ஊதப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பலூனின் தோல்தான் அலைமுகப்பு.

இப்போது டிரான்ஸ்மிட்டர் ஒவ்வொரு விநாடியும் 10,000 ஜூல் ஆற்றலை வெளியே தள்ளுகிறது. வழியில் அதை உறிஞ்ச எதுவும் இல்லையென்றால், 1 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் வழியாகவும் விநாடிக்கு அதே 10,000 ஜூல் போகவேண்டும், 77 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் வழியாகவும் அதேதான் போகவேண்டும். மொத்தத்தில் எதுவும் குறையவில்லை. ஆனால் கோளத்தின் பரப்பு 4πr². ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. அதே ஆற்றல் நான்கு மடங்கு பரப்பில் பரவவேண்டியிருப்பதால், ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் பங்கு கால்வாசியாகிறது.

```
S = P / (4πr²)
```

இங்கே P டிரான்ஸ்மிட்டரின் திறன், S ஒரு சதுர மீட்டர் வழியாகப் பாயும் திறன். டிரான்ஸ்மிட்டர் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரப்புகிறது என்று எளிமைக்காக வைத்துக்கொள்கிறேன். உண்மையான பண்பலை ஆன்டெனா அப்படிச் செய்யாது; வானத்துக்கும் நேர் கீழேயும் போவதைக் குறைத்து, பக்கவாட்டில் கூடுதலாக அனுப்பும். அதனால் கீழே வரும் எண்கள் சற்று மாறலாம். தூரத்தோடு குறையும் விதம் மட்டும் மாறாது. ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், 1 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு 0.8 மில்லிவாட். மதுரையில் 0.13 மைக்ரோவாட். தூரம் 77 மடங்கு கூடியதற்கு, இது கிட்டத்தட்ட 5,900 மடங்கு குறைந்திருக்கிறது. 77-ஐ 77-ஆல் பெருக்கினால் 5,929 வரும். கால் பங்கு என்று சொன்னவர்கள் பேசியது இதைப் பற்றித்தான்.

சரி, பாதி என்றவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள்?

ரேடியோ அலையில் ஊசலாடுவது மின்புலமும் காந்தப்புலமும். கடலலையில் நீர்மட்டம் ஏறி இறங்குவது போல, இங்கே மின்புலம் ஒரு திசையில் கூடி, சுழியமாகி, எதிர்த் திசையில் கூடி, திரும்பவும் வருகிறது. 100.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 10 கோடிக்கும் சற்று அதிகமான தடவை. இந்த ஊசலாட்டத்தின் உச்ச உயரம்தான் புலத்தின் அலைவீச்சு. இதை மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று அளக்கிறோம். அந்த அலகே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: காற்றில் ஒரு மீட்டர் நீளத்துக்கு இந்தப் புலம் எத்தனை வோல்ட் வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதுதான் அது.

அலைவீச்சுக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு இருமடித் தொடர்பு. மின்புலத்தை இரண்டு மடங்காக்கினால் காந்தப்புலமும் தானாகவே இரண்டு மடங்காகும். அலை சுமக்கும் திறன் இந்த இரண்டின் பெருக்கல் என்பதால் அது நான்கு மடங்காகும். மின்சுற்றில் வோல்டேஜை இரண்டு மடங்காக்கினால் மின்தடையில் எரியும் திறன் நான்கு மடங்காவது போலத்தான். அந்தச் சுற்றில் V²/R என்று எழுதுவோம். வெற்றிடத்துக்கும் அப்படி ஒரு R இருக்கிறது. அதன் மதிப்பு 377 ஓம்.

```
S = E² / 377
```

இந்த E, ஊசலாடும் மின்புலத்தின் இருமடிச் சராசரி மூலம். வீட்டு மின்சாரத்தை 230 வோல்ட் என்கிறோமே, அதே கணக்கு. உச்ச அலைவீச்சு வேண்டுமானால் 1.41-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

இப்போது இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்துப் பாருங்கள். S என்பது 1/r² போலக் குறைகிறது. S என்பது E²-க்கு நேர்விகிதம். அப்படியென்றால் E² குறைவது 1/r² போல. E குறைவது வெறும் 1/r போல. 377-ஐ 4π-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 30 வருவதால், சூத்திரம் மிகவும் எளிதாக முடிகிறது:

```
E = √(30 P) / r
```

10 கிலோவாட்டுக்கு √300000, அதாவது சுமார் 548. அதைத் தூரத்தால் மீட்டரில் வகுத்தால் போதும். 1 கிலோமீட்டரில் மீட்டருக்கு 548 மில்லிவோல்ட். மதுரையில் 7.1 மில்லிவோல்ட். திருச்சியில் 3.8 மில்லிவோல்ட். திருச்சி இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவான தூரம் என்பதால் பாதிக்குச் சற்று அதிகமாக வந்திருக்கிறது.

குளத்து அலையை ஏன் ஒதுக்கினேன் என்பது இப்போது தெரியும். அங்கே ஆற்றல் வட்டத்தின் சுற்றளவில், அதாவது 2πr நீளத்தில் பரவுகிறது. எனவே ஆற்றல் 1/r போலவும், அலையின் உயரம் 1/√r போலவும் குறையும். நீரின் உராய்வை விட்டுவிட்டால், குளத்தில் நான்கு மடங்கு தூரம் போனால்தான் அலையின் உயரம் பாதியாகும். ரேடியோ அலைக்கு இரண்டு மடங்கு போதும். ஒரு பரிமாணம் கூடுதலாக இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

ரிசீவருக்கு இந்த இரண்டில் எது முக்கியம் என்று கேட்கலாம். ஆன்டெனா என்பது ஒரு கம்பி. மின்புலம் அந்தக் கம்பியில் உள்ள எலெக்ட்ரான்களைத் தள்ளி இழுக்கிறது. கம்பியின் நடுவில் அது வோல்டேஜாகத் தெரிகிறது. 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர். பழைய டிவி ஆன்டெனாவில் பார்த்த மாதிரி அரை அலைநீளக் கம்பி ஒன்றை, அதாவது ஒன்றரை மீட்டர் நீளத்தில், மாடியில் கட்டினால் அதன் பயனுள்ள நீளம் சுமார் 95 சென்டிமீட்டர். கம்பியின் நுனிகளில் மின்னோட்டம் குறைந்து போவதால் முழு ஒன்றரை மீட்டரும் கணக்கில் வராது. மதுரையில் 7.1-ஐ 0.95-ஆல் பெருக்கினால், கம்பியில் உண்டாகும் வோல்டேஜ் ஏறக்குறைய 6.7 மில்லிவோல்ட். ஆகவே ஆன்டெனா முனையில் பார்க்கும் வோல்டேஜ் 1/r போலவும், அந்த ஆன்டெனாவிலிருந்து ரிசீவருக்குள் போகும் திறன் 1/r² போலவும் குறைகிறது. ஒரே நிகழ்வை இரண்டு அளவுகோல்களால் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

பொறியாளர்கள் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்க டெசிபலில் பேசுகிறார்கள். திறன் கால் பங்கானால் 6 டெசிபல் குறைவு. அலைவீச்சு பாதியானாலும் 6 டெசிபல் குறைவு. டெசிபலின் வரையறையே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போச்சு, பத்து மடங்கானால் 20 டெசிபல் போச்சு என்று சொல்லிவிடலாம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று விளக்கவேண்டியதில்லை. இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். திருச்சியில் மதுரை அளவுக்கு சிக்னல் வேண்டுமென்றால், டிரான்ஸ்மிட்டர் திறனைக் கிட்டத்தட்ட நான்கு மடங்காக்கவேண்டும். திறனை இரண்டு மடங்காக்கினால், அதே அளவு புலம் கிடைக்கும் தூரம் 1.41 மடங்குதான் கூடும்.

7 மில்லிவோல்ட் என்பது அதிகமா, குறைவா? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஸ்டீரியோ பண்பலை நன்றாகக் கேட்க, மின்சார இரைச்சல் குறைவான கிராமப் பகுதியில் மீட்டருக்குச் சுமார் 0.5 மில்லிவோல்ட் போதும். பெருநகரத்தில் மோட்டார், வாகனம், இயந்திரம் எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சலை மீற 5 மில்லிவோல்ட் வேண்டும். மதுரைக்கு 7.1 தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் மதுரையில் கையில் ரேடியோவோடு தெருவில் நின்றால் நிச்சயம் 7.1 கிடைக்காது. அதற்குக் காரணம் தூரம் அல்ல. அதைச் சொல்வதற்கு முன் கோள அலையை முழுதாக எழுதிவிடுகிறேன்.

```
E(r, t) = (A / r) cos(ωt − kr)
```

முதல் பார்வைக்கு மிரட்டும். ஆனால் இதில் r இரண்டே இடங்களில் வருகிறது; இரண்டும் இரண்டு விதமான வேலைகளைச் செய்கின்றன. முன்னால் இருக்கும் A/r, அலைவீச்சு தூரத்தோடு மெலிவதைச் சொல்கிறது. உள்ளே இருக்கும் kr, அலை இந்த இடத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைச் சொல்கிறது. t நேரம்; ω என்பது அதிர்வெண்ணை 2π-ஆல் பெருக்கியது; k என்பது 2π-ஐ அலைநீளத்தால் வகுத்தது. ஆகவே ஒரு அலைநீளம் நகர்ந்தால் கட்டம் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும்.

மதுரையில் உங்கள் வீட்டின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு, 3 மீட்டர் நடக்கிறீர்கள். கட்டம் ஒரு முழுச் சுற்று மாறிவிட்டது. அலைவீச்சு எவ்வளவு மாறியது? 77,000 மீட்டரில் 3 மீட்டர், அதாவது 0.004 சதவீதம். எந்த மீட்டரும் காட்டாத அளவு. தூரத்தில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரின் அலைவீச்சு ஒரு வீட்டுக்குள், ஒரு தெருவுக்குள், ஏன் ஒரு பேட்டைக்குள்கூட மாறாது என்றே வைத்துக்கொள்ளலாம். கோளம் அவ்வளவு பெரியது. நம் வீட்டளவில் அதன் தோல் தட்டையான பலகை போலத்தான் இருக்கிறது.

ஆனால் நடைமுறையில் என்ன பார்க்கிறோம்? ரேடியோவை மேசையின் இந்த ஓரத்தில் வைத்தால் கரகரக்கிறது, அந்த ஓரத்தில் வைத்தால் தெளிவாகப் பாடுகிறது. சிறுவயதில் எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரை இப்படி இடம் மாற்றி மாற்றி வைத்தபோது, டவர் பக்கம் நகர்த்தினால் சிக்னல் கூடுகிறது என்றே நினைத்திருந்தேன். அது தூரத்தின் வேலை இல்லவே இல்லை, கட்டத்தின் வேலை. நேராக வரும் அலையோடு, சுவரிலும் இரும்பு பீரோவிலும் பக்கத்து மாடியிலும் பட்டுத் திரும்பும் அலையும் சேர்கிறது. இரண்டும் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் புலம் கூடும்; எதிர்க்கட்டத்தில் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும். அலை எதிர்த் திசையிலிருந்து திரும்பி வந்தால், மிகுதியான இடத்துக்கும் மிகக் குறைந்த இடத்துக்கும் இடையே கால் அலைநீளம்தான் இடைவெளி. பண்பலையில் அது 75 சென்டிமீட்டர். இரண்டரை அடி நகர்த்தியதும் சிக்னல் தலைகீழாக மாறினால் அது எதிரொளிப்பு. கிலோமீட்டர் கணக்கில் போகப் போக மெல்ல மங்கினால் அது தூரம். இப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், ஆன்டெனாவை எங்கே வைப்பது என்பதில் நிறைய நேரம் மிச்சமாகும்.

இதே எதிரொளிப்பு சுவருக்குப் பதில் தரையில் நடந்தால், 1/r விதியையே மாற்றிவிடுகிறது. தெருவில் நிற்பவருக்கு 7.1 கிடைக்காததன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து நேராக உங்கள் ஆன்டெனாவுக்கு ஒரு கதிர் வருகிறது. இன்னொரு கதிர் மதுரைக்கு முன்னால் தரையில் பட்டு எகிறி வருகிறது. மிகவும் சாய்வாகத் தரையைத் தொடும் ரேடியோ அலை எகிறும்போது அதன் கட்டம் அரைச் சுற்று புரண்டுவிடும். இரண்டு கதிர்களும் கடந்த தூரம் ஏறக்குறைய ஒன்று என்றால், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட அழித்துவிடும். முழுதாக அழியாமல் காப்பாற்றுவது அந்தச் சிறு தூர வித்தியாசம். அந்த வித்தியாசம் எதைப் பொறுத்தது? இரு ஆன்டெனாக்களின் உயரங்களைப் பெருக்கி, இரட்டித்து, இடைப்பட்ட தூரத்தால் வகுத்தால் வருவது அது. ஆன்டெனா உயர உயர அது கூடும்.

மதுரைக்கே கணக்குப் போடலாம். கொடைக்கானலுக்கும் மதுரைக்கும் இடையே உயர வித்தியாசம் சுமார் 2,000 மீட்டர். 77 கிலோமீட்டரில் பூமியின் வளைவு அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். 1,700 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கையில் ரேடியோ, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம். இரண்டு கதிர்களின் தூர வித்தியாசம் 7 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 3 மீட்டர் அலைநீளத்தின் முன்னால் அது ஒன்றுமே இல்லை. கணக்கை முடித்தால் மிஞ்சும் புலம் மீட்டருக்குச் சுமார் 1 மில்லிவோல்ட். அதே ஆன்டெனாவை 5 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் 3.3 மில்லிவோல்ட். 10 மீட்டர் உயரத்தில், மூன்றாவது மாடி மொட்டை மாடியில், 6.3 மில்லிவோல்ட். கோள அலையின் சூத்திரம் சொன்ன 7.1-க்குப் பக்கத்தில் இப்போதுதான் வருகிறோம். தரை தட்டையாக இருக்கிறது, இடையில் மலைமுகடோ கட்டடமோ மறைக்கவில்லை என்று வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது. உண்மை நிலவரம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆனாலும் மாடிக்கு ஏறினால் சிக்னல் ஏன் தெளிகிறது என்பதற்கு இதுதான் முதல் காரணம். பத்து மீட்டர் மேலே போனதால் கொடைக்கானல் ஒன்றும் பக்கத்தில் வந்துவிடவில்லை.

இதில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. இரண்டு கதிர்களும் தனித்தனியே 1/r போல மெலிகின்றன. மிஞ்சும் வித்தியாசமும் 1/r போலச் சுருங்குகிறது. இரண்டும் பெருகி, தொலைதூரத்தில் அலைவீச்சு 1/r² போலவும், திறன் 1/r⁴ போலவும் குறையத் தொடங்கும். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபலுக்குப் பதில் 12 டெசிபல். கையடக்க வாக்கி டாக்கியில் இரு பக்கமும் ஆன்டெனா ஆள் உயரத்தில் இருப்பதால், திறந்த மைதானத்தில்கூட சில பத்து மீட்டர்களுக்குள் இந்த மோசமான விதி ஆட்சிக்கு வந்துவிடும். பெட்டியில் பல கிலோமீட்டர் என்று போட்டிருந்தும் வயல்வெளியில் ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் பேச்சு உடைகிறதே என்று வருத்தப்படுபவர்கள், இரண்டு பேரும் ஆளுக்கொரு மாடியிலோ குன்றிலோ ஏறி நின்று பார்க்கலாம்.

1/r விதி உடைகிற இன்னொரு இடம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம், டிரான்ஸ்மிட்டரை ஒட்டியே இருக்கிறது. சூத்திரத்தில் r-ஐச் சுழியமாக்கினால் புலம் முடிவிலியாகிவிடும். அப்படி நடப்பதில்லை. ஆன்டெனாவுக்கு மிக அருகில் இருக்கும் புலம் பெரும்பாலும் அலையே அல்ல. கம்பியில் சேர்ந்த மின்னூட்டமும் ஓடும் மின்னோட்டமும் தங்களைச் சுற்றி வைத்திருக்கும் புலம் அது. அதன் ஆற்றல் வெளியே போவதில்லை. ஒவ்வொரு ஊசலிலும் வெளியே வந்து திரும்பக் கம்பிக்கே போய்விடுகிறது. ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், மின்காந்த அலைகளைச் சோதனையில் காட்டிய கையோடு, 1889-இல் ஒரு சிறிய ஊசலாடும் கம்பியைச் சுற்றியுள்ள புலத்தை முழுதாகக் கணக்கிட்டார். அதில் 1/r³ போலவும் 1/r² போலவும் 1/r போலவும் குறையும் பகுதிகள் சேர்ந்தே இருக்கின்றன. முதல் இரண்டும் அருகில் பலமாக இருந்து, மளமளவென்று செத்துப்போகும். தூரத்தில் பிழைத்திருப்பது 1/r பகுதி மட்டும். ஆற்றலை வெளியே கொண்டுபோவதும் அது மட்டும்தான். ஏனென்றால் 1/r-ஐ இருமடியாக்கி 4πr²-ஆல் பெருக்கினால்தான் தூரம் அடிபட்டுப் போய், எல்லாக் கோளத்திலும் ஒரே திறன் மிஞ்சும்.

சிறிய ஆன்டெனாவுக்கு இந்த எல்லை அலைநீளத்தை 2π-ஆல் வகுத்தால் வரும் தூரம். பண்பலைக்கு அரை மீட்டர். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலைக்கு அலைநீளம் 416 மீட்டர் என்பதால், எல்லை 66 மீட்டர். அதற்கு உள்ளே நின்று அளந்துவிட்டு 1/r போட்டு ஊர் முழுவதற்கும் கணக்கிட்டால் எல்லாம் தப்பாகப் போகும். எல்லையைப் போல் பல மடங்கு தள்ளிப் போய் அளக்கவேண்டும்.

அப்புறம், திசை ஆன்டெனா பற்றிச் சொல்கிறேன் என்றேனே. டிஷ் வைத்து ஒரே திசையில் குவித்து அனுப்பினால் அலை விரியாதல்லவா, பிறகு எதற்கு 1/r என்று பலர் கேட்பார்கள். விரியத்தான் செய்கிறது. டிஷ்ஷிலிருந்து போதிய தூரம் போனபின் அந்தக் கற்றை ஒரு கூம்பு. கூம்பின் அடிப்பக்கம் கோளத்தின் ஒரு துண்டு. தூரம் இரண்டு மடங்கானால் அந்தத் துண்டும் நான்கு மடங்காகப் பெரிதாகும். டிஷ் செய்வதெல்லாம், கோளம் முழுக்கப் போகவேண்டிய திறனை அந்தத் துண்டுக்குள் திணிப்பது. சூத்திரத்தில் P-யோடு ஒரு எண் கூடுதலாகப் பெருகும். r இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

இதற்கு வாயேஜர் 1 விண்கலத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1977 செப்டம்பர் 5-இல் கிளம்பியது. இன்று 2,500 கோடி கிலோமீட்டர் அளவிலான தூரத்தில் இருக்கிறது. அதன் ரேடியோ டிரான்ஸ்மிட்டரின் திறன் ஏறக்குறைய 20 வாட். அதன் 3.7 மீட்டர் டிஷ், 8.4 கிகாஹெர்ட்ஸ் அலையை பூமியை நோக்கிக் குவிக்கும்போது, அந்தத் திசையில் திறன் 60,000 மடங்குக்கும் மேல் பெருகியது போலாகிறது. அந்தப் பாதையில் தரை இல்லை, சுவர் இல்லை, எதிரொளிப்பு இல்லை. கோள அலையின் சூத்திரத்தை எந்தத் திருத்தமும் இல்லாமல் போடலாம்.

போட்டால், பூமியில் கிடைக்கும் புலம் மீட்டருக்கு ஒரு வோல்ட்டின் 400 கோடியில் ஒரு பங்கு. மதுரையில் கோடை பண்பலைக்கு இதே சூத்திரம் சொன்ன 7.1 மில்லிவோல்ட்டைவிட இது சுமார் 2.8 கோடி மடங்கு குறைவு. ஆனால் தூரமோ 32 கோடி மடங்கு அதிகம். டிரான்ஸ்மிட்டர் திறன் 500 மடங்கு குறைவு. அலைவீச்சுக்கு அதன் வர்க்கமூலம்தான் என்பதால் 22 மடங்கு இழப்பு. டிஷ் குவிப்பதால் 250 மடங்கு லாபம். 32 கோடியை 22-ஆல் பெருக்கி 250-ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த 2.8 கோடி வந்துவிடும். நாசாவின் 70 மீட்டர் டிஷ் அந்தப் புலத்திலிருந்து அள்ளும் திறன், ஒரு வாட்டை நூறு கோடியால் வகுத்து, அதைத் திரும்பவும் நூறு கோடியால் வகுத்தால் வருவதில் பாதி அளவுதான். அதிலிருந்துதான் வாயேஜர் அனுப்பும் தகவல்களை இன்னமும் பிரித்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.